மடிப்பில் மறைந்த எண்: தொப்பிப் பின்னல் தாளை வாசிப்பது

"உதவி."
(பின்னல் தாளின் படம் ஒன்று)

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு ஊசியில் பின்னும் சின்னப் பிள்ளைத் தொப்பி அது. குரோஷே இல்லை. குரோஷே என்றால் ஒரே கொக்கி ஊசி, `ch`, `tr` என்ற எழுத்துகள் வந்திருக்கும். உங்கள் தாளில் வரிக்கு வரி `K`யும் `P`யும்தான். தாள் நடுவில் மடிந்திருக்கிறது. மடிப்பின் மேல் பல்பு வெளிச்சம் விழுந்து ஓர் எண் சரியாகத் தெரியவில்லை. வலது ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுவிட்டது. மற்றதெல்லாம் வாசிக்க முடிகிறது.

நீங்கள் அக்காவா, தங்கச்சியா, தம்பியா தெரியாது. ஊசியை இன்றுதான் கையில் எடுத்தீர்களா, பத்து ஸ்வெட்டர் பின்னிவிட்டு இந்தத் தாளில் மட்டும் நிற்கிறீர்களா என்பதும் தெரியாது. அதனால் முதல் வரியிலிருந்தே சொல்லிக்கொண்டு போகிறேன். நிட், பேர்ல் இரண்டும் கைக்குப் பழகியவர் என்றால் தொப்பி உச்சியைப் பற்றி எழுதியிருக்கும் இடத்துக்கு நேரே போய்விடுங்கள். தாளில் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

சரி, அடிப்பட்டி.

```
Using 3¼ mm needles, cast on 82 (90: 98) sts.
1st row (RS): K2, *P2, K2; rep from * to end.
2nd row: P2, *K2, P2; rep from * to end.
```

`cast on` என்றால் ஊசியில் கண்ணி ஏற்றுவது. `sts` என்பது கண்ணிகள். 82, அடைப்புக்குள் 90, 98 என்று மூன்று எண் இருப்பது மூன்று அளவுத் தொப்பிக்காக. அடைப்புக்கு வெளியே இருப்பது சின்ன அளவு, அடைப்புக்குள் முதலாவது நடு அளவு, கடைசி பெரிய அளவு. இந்த வரிசை தாள் முடியும்வரை மாறாது. நடு அளவு பின்னுகிறீர்கள் என்றால் எங்கே மூன்று எண் வந்தாலும் இரண்டாவதுதான் உங்களுடையது. பென்சிலை எடுத்து உங்கள் எண்ணை எல்லா வரியிலும் இப்போதே வட்டமிட்டுவிடுங்கள். இரவில் பிள்ளை தூங்கிய பிறகு பின்னும்போது கண் தானாக முதல் எண்ணுக்குத்தான் போகும்.

எந்த அளவு என்று முடிவுசெய்ய, பிள்ளையின் தலையைப் புருவத்துக்கு மேலே நாடாவால் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தாளின் மேலே 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று போட்டிருக்கிறது. அதன்படி தைத்து முடித்த தொப்பியின் சுற்றளவு சுமார் 36, 40, 44 சென்டிமீட்டர் வரும். பின்னல் இழுபடும் என்பதால் தலையைவிட 4, 5 சென்டிமீட்டர் சின்னதாக இருப்பதுதான் சரி. 45 சென்டிமீட்டர் தலைக்கு நடு அளவு போதும்.

`K` என்றால் நிட். நூலைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஊசியைக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னாகக் குத்தி எடுப்பது. `P` என்றால் பேர்ல். நூல் முன்னால் இருக்க, ஊசி பின்னாலிருந்து முன்னாக வரும். எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் மட்டும் ஒட்டியிருந்தால் அத்தனை கண்ணியை ஒவ்வொன்றாகப் பின்ன வேண்டும் என்று பொருள். `K2` என்றால் இரண்டு நிட், `P2` என்றால் இரண்டு பேர்ல்.

`RS` நல்ல பக்கம், போட்டுக்கொள்ளும்போது வெளியே தெரிவது. `WS` அதன் மறுபக்கம். `rep` என்றால் திரும்பச் செய்வது. நட்சத்திரக் குறிக்கும் அரைப்புள்ளிக்கும் நடுவே இருப்பதைத்தான் திரும்பச் செய்ய வேண்டும், வரி முழுவதையும் இல்லை. முதல் வரியில் ஆரம்பத்து `K2` ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு `P2, K2` என்ற நான்கு கண்ணிக் கட்டு வரி முடியும்வரை ஓடும். சின்ன அளவில் 82இலிருந்து ஆரம்பத்து 2 போக 80. அதில் நான்கு நான்காக 20 கட்டு, ஒன்றும் மிஞ்சாது. 90இல் 22 கட்டு, 98இல் 24 கட்டு. மூன்றும் சரியாக முடிவதால் இந்த வரியை நாம் சரியாகத்தான் வாசித்திருக்கிறோம்.

இரண்டாவது வரி ஏன் `P2` என்று தொடங்குகிறது என்று குழம்பியிருந்தால்: முன்பக்கத்தில் நிட்டாக இருப்பது திருப்பிப் பிடித்தால் பேர்லாகத் தெரியும். ஊசியில் இருக்கும் கண்ணிக்குக் கீழே பாருங்கள். V மாதிரி இருந்தால் நிட் பின்னுங்கள். கழுத்தில் மாலை விழுந்தது போல ஒரு குறுக்கு இழை புடைத்திருந்தால் பேர்ல் பின்னுங்கள். இது பிடிபட்டுவிட்டால் பட்டி முடியும்வரை தாளைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

புதிதாகப் பின்னுபவர் இந்தப் பட்டியில்தான் பெரும்பாலும் இடறுவார், அதுவும் எழுத்தால் இல்லை, நூலால். இரண்டு நிட் முடிந்து பேர்லுக்குப் போகும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னால் கொண்டுவர வேண்டும். பேர்ல் முடிந்ததும் அதே வழியில் பின்னால் கொண்டுபோக வேண்டும். தாள் இதைச் சொல்லாது, தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். நூல் ஊசிக்கு மேலால் சுற்றிப் போய்விட்டால் ஊசியில் ஒரு வளையம் கூடுதலாக உட்கார்ந்துவிடும். அடுத்த வரியில் அது ஒரு கண்ணியாகி, கீழே சின்ன ஓட்டையும் விழும். ஒவ்வொரு வரி முடிவிலும் எண்ணுங்கள். 82 இருக்க வேண்டிய இடத்தில் 85 இருந்தால் மூன்று இடத்தில் நூல் மேலால் போயிருக்கிறது. எழுத்தைத் தப்பாக வாசித்துவிட்டோமோ என்று பயந்து எல்லாவற்றையும் உருவிவிட வேண்டாம்.

5 சென்டிமீட்டர் பட்டிக்குப் பிறகு 4 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறச் சொல்கிறது. அடுத்து வருவது இது:

```
Beg with a K row, work in st st until work measures
13 (14: 15) cm from beg, ending with a WS row.
```

`beg` என்றால் தொடக்கம். `st st` படத்தில் மங்கலாக இருக்கிறது. `g st` என்றும் வாசித்துவிடலாம். இரண்டும் வேறு வேறு. `g st` என்றால் எல்லா வரியும் நிட், இரண்டு பக்கமும் மேடும் பள்ளமுமாக வரும். `st st` என்றால் நல்ல பக்கத்து வரி நிட், மறுபக்கத்து வரி பேர்ல், வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். எல்லா வரியும் நிட் என்றால் "`K` வரியோடு தொடங்கு" என்று எழுத வேண்டிய தேவையே இல்லையே. அப்படி எழுதியிருப்பதால் இது `st st`தான். மங்கலான எழுத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பக்கத்துச் சொல்லைக் கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும். மறுபக்கத்து வரியோடு முடிக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். உச்சிக் குறைப்பு நல்ல பக்கத்தில் தொடங்க வேண்டும்.

இனி உச்சி. உங்கள் படத்தில் அது இப்படித் தெரிகிறது. கேள்விக்குறி இருக்கும் இடத்தில் மடிப்பு.

```
1st row: *K?, K2tog; rep from * to last 2 sts, K2.  7
2nd and every alt row: P.
3rd row: *K5, K2tog; rep from * to last 2 sts, K2.  62 (68: 74) sts.
```

முதலில் `K2tog`. இது `K2` போலவே தொடங்குவதால் ஏமாற்றும். `tog` என்றால் சேர்த்து. இரண்டு கண்ணிக்குள்ளும் ஊசியை ஒரே குத்தாகக் கொடுத்து, ஒரே நிட்டாக எடுப்பது. இரண்டு உள்ளே போய் ஒன்று வெளியே வரும், ஆக ஒரு கண்ணி குறையும். `K2` பின்னினால் எண்ணிக்கை மாறாது. `tog` உங்கள் படத்தில் ஓரிடத்தில் வரி உடைந்து கீழே போயிருக்கிறது. அங்கே `K2` என்று மட்டும் வாசித்துப் பின்னியிருந்தால் தொப்பி குறுகவே குறுகாது, குழாய் மாதிரி மேலே போய்க்கொண்டே இருக்கும். `alt` என்றால் ஒன்றுவிட்டு ஒன்று: இரட்டை எண் வரிகள் எல்லாம் முழுக்கப் பேர்ல்.

மடிப்பில் இருக்கும் எண் எனக்கு 6 போலவும் தெரிந்தது, 8 போலவும் தெரிந்தது. மேல் பாதி தேய்ந்துபோனால் இரண்டும் ஒன்றுதான். இதைக் கண்ணால் தீர்க்க முடியாது, கணக்கால் தீர்க்கலாம்.

8 என்று வைத்துப் பார்ப்போம். எட்டு நிட், அப்புறம் இரண்டைச் சேர்த்து ஒன்று: ஒரு கட்டுக்குப் பத்துக் கண்ணி வேண்டும். சின்ன அளவில் கடைசி 2 போக 80. பத்துப் பத்தாக 8 கட்டு, அருமையாகப் பொருந்துகிறது! இங்கேயே நிறுத்திவிட்டால் தப்பான எண்ணைச் சரி என்று எழுதிவிடுவோம். நடு அளவையும் பாருங்கள். 90இல் 2 போக 88. பத்தால் வகுத்தால் 8 மிஞ்சுகிறது. பெரிய அளவில் 96, அதிலும் 6 மிஞ்சுகிறது. ஒரே வரி மூன்று அளவுக்கும் எழுதப்பட்டிருப்பதால் மூன்றிலும் பொருந்த வேண்டும். ஆகவே 8 இல்லை.

6 என்றால் ஒரு கட்டுக்கு எட்டுக் கண்ணி. 80இல் 10 கட்டு, 88இல் 11, 96இல் 12. ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு கட்டுக்கு ஒரு கண்ணி குறைவதால் வரி முடிவில் 72 (79: 86) இருக்கும். வெட்டுப்பட்ட ஓரத்தில் தெரியும் அந்த ஒற்றை 7, இந்த 72இன் முதல் எழுத்துத்தான். ஆனால் 8 வைத்திருந்தாலும் சின்ன அளவுக்கு 74 வந்து, அங்கேயும் 7தான் இருந்திருக்கும். அதனால் அந்த 7ஐ மட்டும் சாட்சியாக எடுக்க முடியாது.

இன்னொரு சாட்சி மூன்றாவது வரியில் இருக்கிறது, அது தெளிவாகத் தெரிகிறது. அங்கே ஐந்து நிட்டும் ஒரு `K2tog`உம் சேர்ந்து ஏழு கண்ணிக் கட்டு. முடிவில் 62. கடைசி 2ஐக் கழித்தால் 60, ஒரு கட்டுக்கு ஆறு மிஞ்சியிருப்பதால் 10 கட்டு. பத்துக் கட்டு, கட்டுக்கு ஏழு, கூட 2: அந்த வரிக்குள் நுழையும்போது 72 கண்ணி இருந்திருக்க வேண்டும். முதல் வரிக்கு நாம் 6 என்று வைத்துக் கண்டதும் அதே 72. மேலிருந்து வந்த கணக்கும் கீழிருந்து போன கணக்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மடிப்பில் இருப்பது `K6`.

ஏற்கெனவே `K8` என்று பின்னத் தொடங்கியிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும் அடையாளத்தையும் சொல்கிறேன். நடு அளவில் கடைசிக் கட்டோடு கண்ணி எல்லாம் தீர்ந்துபோய், `K2` பின்ன ஒன்றும் மிஞ்சியிருக்காது. பெரிய அளவில் கடைசியில் 2 இருக்க வேண்டிய இடத்தில் 8 நிற்கும். சின்ன அளவில் வரி நன்றாக முடிந்து, மூன்றாவது வரியின் கடைசியில்தான் 2 இருக்க வேண்டிய இடத்தில் 4 நிற்கும். இதில் எது நடந்திருந்தாலும் உச்சியின் முதல் வரி தொடங்கிய இடம் வரை மட்டும் கண்ணி கண்ணியாகத் திரும்ப எடுத்தால் போதும். ஊசியை உருவ வேண்டாம்.

மீதி வரிகள் படத்தில் இல்லை, பக்கம் அங்கே முடிகிறது. ஆனால் முறை தெரிகிறது: `K6`, `K5`, அப்புறம் `K4`, `K3`, `K2`, `K1` என்று ஒவ்வொரு ஒற்றை வரியிலும் ஒன்று குறைந்துகொண்டே போகும். எண்ணிக்கை 52 (57: 62), 42 (46: 50), 32 (35: 38), 22 (24: 26) என்று வர வேண்டும். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட தொப்பிகளில் வழக்கமாக ஒரு வரி முழுவதும் `K2tog` வரும். 22உம் 24உம் 26உம் இரண்டால் வகுபடுவதால் இங்கேயும் அது பொருந்துகிறது, 11 (12: 13) மிஞ்சும். நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, மிஞ்சிய கண்ணிகளுக்குள் ஓட்டி இறுக்கி, அதே நூலால் பின்பக்கத்தைச் சேர்த்துத் தைப்பது. இந்தக் கடைசிப் பகுதி என் ஊகம். அடுத்த பக்கம் உங்களிடம் இருந்தால் அது சொல்வதையே கேளுங்கள்.

ஊசியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உங்கள் தாளில் மில்லிமீட்டர் தெளிவாக இருக்கிறது, ஆனால் உங்கள் கையில் இருக்கும் ஊசியில் வெறும் நம்பர் மட்டும் அடித்திருக்கலாம். நம் பக்கத்தில் பழைய ஊசிகள் நிறையப் புழங்குகின்றன. என் அம்மாயி பெரிய துரை பங்களாவில் பிள்ளை பார்த்தவர். துரைசாணி ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பின்னல் புத்தகம்தான் எனக்கு முதல் புத்தகம். அதில் எல்லாம் பழைய இங்கிலாந்து நம்பர். 8 என்று போட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த ஊசியிலும் 8 என்று இருந்தது. சந்தோஷமாகப் பின்னினேன். தங்கச்சி மகனுக்கு நுவரெலியாவின் ஜனவரிப் பனிக்கு என்று பின்னிய தொப்பி, அவன் மூக்கு வரை இறங்கியது. எழுத்து ஒன்றையும் தப்பாக வாசிக்கவில்லை. இங்கிலாந்து 8 என்பது 4 மில்லிமீட்டர், அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீட்டர். அவ்வளவுதான் விஷயம். 5 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணிதான் எனக்கு வந்தது, ஆக 40 சென்டிமீட்டர் வர வேண்டிய தொப்பி 49 ஆகிவிட்டது.

இங்கிலாந்து நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்க நம்பர் கூடக் கூட ஊசி தடிக்கும். உங்கள் தொப்பிக்கு வேண்டிய 3¼ மில்லிமீட்டர், இங்கிலாந்து நம்பரில் 10, அமெரிக்க நம்பரில் 3. 4 மில்லிமீட்டர் என்பது இங்கிலாந்தில் 8, அமெரிக்காவில் 6. எந்த நாட்டு ஊசி என்று தெரியாவிட்டால் 4 மில்லிமீட்டர் என்று நினைப்பதில் 30 கண்ணி ஏற்றி, `st st`இல் ஒரு சாண் பின்னி, நடுவில் 10 சென்டிமீட்டர் அளந்து எண்ணுங்கள். 22 இருந்தால் அந்த ஊசிதான். 20 இருந்தால் ஒரு அளவு மெல்லிய ஊசி, 24 இருந்தால் ஒரு அளவு தடித்த ஊசி. ஓரத்துக் கண்ணிகள் சுருண்டிருக்கும், அவற்றை எண்ண வேண்டாம்.

இனி எனக்கு உங்களிடமிருந்து இரண்டு படமும் ஒரு பதிலும் வேண்டும். தாளின் மறுபக்கத்தையோ முதல் பக்கத்தையோ எடுத்து அனுப்புங்கள். சுருக்க எழுத்துகளுக்கு விளக்கம் அங்கேதான் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும், நான் மேலே சொன்னதற்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் அதுதான் சரி. இந்தப் பக்கத்தையும் இன்னொரு தடவை, காலையில் வாசல் திண்ணையில் விரித்து, மடிப்பின் மேல் விரலால் நீவிவிட்டு, நேரே மேலிருந்து நான்கு மூலையும் தெரிய எடுங்கள். பல்பு வெளிச்சம் வேண்டாம். ஊசியில் இப்போது எத்தனை கண்ணி நிற்கிறது என்பதையும் எண்ணி எழுதுங்கள். ஒன்றும் ஏற்றவில்லை என்றால் 0 என்று எழுதுங்கள், கண்ணி ஏற்றுவதிலிருந்து தொடங்கலாம். 72, 79, 86 இதில் ஒன்றை எழுதினீர்கள் என்றால் மடிப்பைத் தாண்டிவிட்டீர்கள்.